விருந்தினர் சொன்னது எது, தருவதாக ஒப்புக்கொண்டது எது?

வாசகி கேட்டது:

வணக்கம் சார். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தென்னை உற்பத்தியாளர் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். மினிட்ஸ் எழுதுவதும் என் பொறுப்புதான். போன சனிக்கிழமை, மே 10 அன்று நடந்த போர்டு மீட்டிங்குக்கு ஒரு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விஞ்ஞானி வந்து தென்னை வேர் வாடல் பற்றி முக்கால் மணி நேரம் மலையாளத்தில் பேசினார். நான் ஒன்பது பக்கம் குறிப்பு எடுத்திருக்கிறேன், அதன் நகலையும் அதிலிருந்து எழுதிப் பார்த்த வரைவையும் இத்துடன் வைத்துள்ளேன். சேர்மன் "முக்கியமானதை மட்டும் எழுதும்மா" என்கிறார். ஒரு டைரக்டர் "நானூறு கன்னு தர்றேன்னு சொன்னாரே, அதை விட்டுடாதே" என்கிறார். அவர் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எதை எழுதுவது, எதை விடுவது?

பதில்:

கன்று விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் குறிப்பின் ஏழாம் பக்கத்தில் "தை 400 – நோக்காம்" என்று இருக்கிறது. நீங்கள் காதில் விழுந்ததை அப்படியே எழுதி வைத்தது பெரிய நல்ல காரியம். அந்த ஒரு சொல்தான் இப்போது உங்களைக் காப்பாற்றப் போகிறது. "நோக்காம்" என்றால் "பார்க்கிறேன்". அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நானூறு என்ற எண்ணை முதலில் சொன்னது உங்கள் டைரக்டர்தான் என்பதும் அதே பக்கத்தில், அதற்கு மேல் வரியில் தெரிகிறது. ஆக, கேட்டவர் நானூறு கேட்டார், வந்தவர் பார்க்கிறேன் என்றார். மினிட்ஸில் வர வேண்டியது இவ்வளவுதான்.

நம் எல்லைப் பக்கத்தில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். மலையாளத்தில் "தராம்", "வராம்", "அயச்சு தராம்" என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால் அது வாக்கு. நான் தருகிறேன், நான் வருகிறேன், நான் அனுப்பித் தருகிறேன் என்று பொருள். ஆனால் தமிழ்க் காதுக்கு அந்த "ஆம்" நம்முடைய "லாம்" மாதிரி விழும். "அனுப்பலாம் என்று கூறினார்" என்று எழுதிவிடுவோம். கொடுத்த வாக்கு காணாமல் போய்விடும். "நோக்காம்", "ஸ்ரமிக்காம்" இரண்டிலும் நேர் எதிராக நடக்கும். ஸ்ரமிக்காம் என்றால் முயற்சி செய்கிறேன் என்று பொருள். அதைச் சிரமம் என்று எடுத்துக்கொண்டு "சிரமம் எனத் தெரிவித்தார்" என்று எழுதிய மினிட்ஸை நான் பார்த்திருக்கிறேன். ஆசையோடு கேட்பவர்களோ அதையே உறுதிமொழி என்று எடுத்துக்கொள்வார்கள். "கிட்டும்" என்பது இன்னொன்று. கன்று கிட்டும் என்று அவர் சொன்னால், எங்கேயோ கிடைக்கும் என்றுதான் அர்த்தம். யார் தருவார், எப்போது தருவார் என்பது அதில் இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன், நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விவசாயிகள் சங்கத்துக்கு மினிட்ஸ் எழுதிக் கொடுத்தேன். விருந்தினர் ஒருவர் நோக்காம் என்றதை "கன்றுகள் வழங்குவதாக உறுதியளித்தார்" என்று எழுதினேன். கூட்டத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது, எனக்கும். தலைவர் கையெழுத்துப் போட்டார். அந்த வரியை நம்பி உறுப்பினர்களிடம் முன்பணம் வாங்கினார்கள், சிலர் பழைய மரத்தை வெட்டிக் குழியும் எடுத்துவிட்டார்கள். மழைக்காலம் வந்தது, கன்று வரவில்லை. அந்த அதிகாரியிடம் போய்க் கேட்டபோது, எங்கள் நிலையத்தில் அவ்வளவு கன்றே இல்லையே, நான் எப்படி உறுதி சொல்லியிருப்பேன் என்று கேட்டார். அவர் பக்கம் தப்பில்லை. குழி எடுத்து வைத்துக் காத்திருந்த ஒரு பெரியவரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் விருந்தினர் உரையை எழுத உட்காரும்போது நான் முதலில் செய்வது, குறிப்பில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது யாருடைய குரல் என்று குறிப்பது. "வி" என்று போட்டால் விருந்தினர் சொன்னது. "ந" என்று போட்டால் நம்மவர் கேட்டது அல்லது சொன்னது. "மு" என்று போட்டால் கூட்டம் எடுத்த முடிவு. உங்கள் ஒன்பது பக்கத்திலும் இதைச் செய்து பார்த்தேன். ஆறாம் பக்கத்திலிருந்து எட்டாம் பக்கம் வரை பாதிக்கு மேல் "ந" தான். கேள்வி பதில் நேரத்தில் நம்மவர் தங்கள் தோப்புக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் விருந்தினரின் கருத்து என்று எழுதப்படக் கூடாது. "உப்பு போட்டால் நோய் நிற்கும்" என்ற வரி உங்கள் குறிப்பில் தனியாக நிற்கிறது. மேலும் கீழும் படித்துப் பார்த்தால் அது ஒரு டைரக்டர் சொன்னது. விருந்தினர் அதற்குப் பதில் சொன்னதாக எதுவும் இல்லை. அதை அவர் பெயரில் போட்டால், ஒரு விஞ்ஞானி சொல்லாத மருத்துவத்தை உங்கள் மினிட்ஸ் சொல்லும்.

இப்போது "வி" வரிகளுக்கு வருவோம். சேர்மன் சொல்வது சரிதான், முக்கால் மணி நேரப் பேச்சு மினிட்ஸில் ஏழெட்டு வரியைத் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் எந்த ஏழெட்டு வரி என்பதை எப்படி முடிவு செய்வது? இந்த உரையைக் கேட்ட போர்டு அதை வைத்து ஒரு முடிவு எடுத்ததா, எடுக்கப் போகிறதா என்று பாருங்கள். முடிவுக்குக் காரணமாக நின்ற வரி கட்டாயம் வேண்டும். ஒரு விவசாயி அதைப் படித்துவிட்டு நாளை தோப்பில் ஏதாவது செய்யக்கூடிய வரியும் வேண்டும். 1882 வெள்ளத்துக்குப் பிறகு ஈராற்றுப்பேட்டையில் இந்த நோய் முதலில் கண்ணில் பட்டது என்று அவர் சொன்ன வரலாறு எனக்கும் பிடித்தது. ஆனாலும் அது மினிட்ஸுக்கு வேண்டாம், அவர் திரையில் காட்டிய படத்தொகுப்பில் இருக்கிறது.

சுருக்கும்போது சொற்கள் குறையலாம், நிபந்தனை குறையக் கூடாது. இதுதான் இந்த வேலையில் மிகவும் கஷ்டமான இடம். உங்கள் வரைவில் "10 காய்க்குக் குறைவான மரங்களை வெட்டிவிட அறிவுறுத்தினார்" என்று இருக்கிறது. குறிப்பின் மூன்றாம் பக்கத்தில் அவர் சொன்னது வேறு: நோய் முற்றிய மரம், அதுவும் வருடத்துக்கு 10 காய்க்கும் குறைவாகக் காய்ப்பது. இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால்தான் வெட்டு. உங்கள் வரைவைப் படிக்கும் ஒருவர், இப்போதுதான் காய்ப்புக்கு வந்த இளமரத்தையும், தண்ணீர் இல்லாமல் காய்ப்பு நின்ற மரத்தையும் வெட்டலாம் என்று எடுத்துக்கொள்வார். அதே மாதிரி "மெக்னீசியம் சல்பேட் 500 கிராம்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மரத்துக்கா, ஒரு தடவைக்கா, ஒரு வருடத்துக்கா? குறிப்பில் "மரம் ஒன்றுக்கு, வருஷத்துக்கு" என்று இருக்கிறது. எண்ணை எழுதினால் அதன் அளவு, எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்ற மூன்றும் அதே வாக்கியத்தில் வர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை என்றால் எண்ணையே விட்டுவிட்டு, படத்தொகுப்பின் பக்க எண்ணைக் காட்டுங்கள்.

சொல் விஷயத்தில் இன்னும் ஓர் இடம். இரண்டாம் பக்கத்தில் "காற்று வீழ்ச்சி – மரம் காற்றில் விழுவது பற்றிப் பேசினார்" என்று இருக்கிறது. மலையாளத்தில் "காற்றுவீழ்ச்ச" என்பது வேர் வாடல் நோயின் பெயரே. காற்றுக்கும் மரம் விழுவதற்கும் அதில் சம்பந்தம் இல்லை. அதே போல "அவசரம்" என்று அவர் சொல்லியிருந்தால் அது வாய்ப்பு, நம்முடைய அவசரம் அல்ல. எட்டாம் பக்கத்தில் "நேரில் வந்து பார்க்க அவசரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வாய்ப்பு, அதாவது நிலையத் தலைவரின் அனுமதி, கிடைத்தால் நேரில் வந்து பார்க்கிறேன் என்பதுதான் அங்கே பொருந்துகிறது. உடனே வருவதாகச் சொன்னார் என்று அதை எழுதிவிடாதீர்கள். கூட்டத்தில் குறிப்பு எடுக்கும்போது மொழிபெயர்க்கவே வேண்டாம். சந்தேகமான சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதி, சுற்றிலும் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். அர்த்தத்தை அப்புறம் நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

தேதிகளிலும் இந்த வம்பு உண்டு. "லிஸ்ட் மற்றந்நாள் அயச்சு தராம்" என்று குறிப்பில் இருக்கிறது. வரைவில் "மறுநாள் அனுப்பலாம்" ஆகிவிட்டது. மற்றந்நாள் என்றால் நாளை மறுநாள். கூட்டம் சனிக்கிழமை, ஆகவே அவர் சொன்னது திங்கள், மே 12. நீங்கள் எழுதியதோ ஞாயிறு, மே 11. அதோடு "அனுப்பலாம்" என்று போட்டதால் வாக்கும் போச்சு, நாளும் போச்சு. "இடவப்பாதிக்கு முன்பு நட வேண்டும்" என்றதும் அப்படியே கிடக்கிறது. இடவம் நம் வைகாசி. அதன் பாதி மே கடைசி வாரத்தில் வரும், தென்மேற்குப் பருவமழை பிடிக்கும் நேரம். மினிட்ஸில் "மே மாத இறுதிக்குள்" என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்துப் படிக்கும் ஆடிட்டருக்கும் புரிகிற நாளாக இருக்க வேண்டும்.

விட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் பக்கத்தில் ஒரு தனியார் நாற்றுப்பண்ணையின் பெயரைச் சொல்லி, அங்கே வாங்கிய கன்றெல்லாம் நோய்க் கன்று என்று பேச்சு வந்திருக்கிறது. அந்தப் பெயர் மினிட்ஸில் வரவே கூடாது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 118 இதற்கு வழி சொல்கிறது. ஒருவரை இழிவுபடுத்துவதாகக் கொள்ளத்தக்கதும், பொருத்தமில்லாததும், கம்பெனி நலனுக்குக் கேடானதும் மினிட்ஸில் சேரக் கூடாது. எது அப்படிப்பட்டது என்று தீர்மானிக்கும் முழு உரிமை கூட்டத்தின் தலைவருக்கு. எனவே சேர்மனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். அந்தப் பேச்சில் எடுத்துக்கொள்ள வேண்டிய பொருள் ஒன்றுதான்: நோயில்லாத தாய்மரத்திலிருந்து எடுத்த கன்றா என்று உறுதி செய்துகொண்டு வாங்க வேண்டும். அதை எழுதினால் போதும்.

விருந்தினரை எந்த இடத்தில் எழுதுவது என்பதும் உங்கள் வரைவில் சரியாக இல்லை. டைரக்டர்கள் வரிசையில் ஏழாவது பெயராகப் போட்டிருக்கிறீர்கள். கூட்டம் நடக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையில் அவர் சேரமாட்டார், ஓட்டும் இல்லை. "அழைப்பின் பேரில் கலந்துகொண்டவர்" என்று தனித் தலைப்பு போட்டு, அவர் பெயர், பதவி, எந்த நிறுவனத்தின் சார்பில் வந்தார், எந்தப் பொருளுக்காக மட்டும் இருந்தார் என்று எழுத வேண்டும். கம்பெனி செக்ரட்டரிகள் கழகம் வெளியிட்ட எஸ்.எஸ்-1 என்ற தரவிதியும் அழைப்பாளரின் நிலையையும் அவர் எந்த அமைப்பின் சார்பில் வந்தார் என்பதையும் எழுதச் சொல்கிறது. வந்த நேரத்தையும் போன நேரத்தையும் நானாகச் சேர்ப்பேன். காரணம், அவர் விடைபெற்ற பிறகுதான் போர்டு கன்று வாங்குவது பற்றிப் பேசி முடிவெடுத்தது. நேரம் இருந்தால், அந்த முடிவு போர்டின் சொந்த முடிவு, வெளியாள் முன்னிலையில் எடுக்கவில்லை என்பது தெளிவாகத் தெரியும்.

படத்தொகுப்பை அச்சடித்து இணையுங்கள். மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டக் கூடாது, தனிக் கோப்பில் வையுங்கள். அஜெண்டாவோடு முன்கூட்டி அனுப்பாமல் கூட்டத்தில் காட்டிய படத்தொகுப்பை வைத்து போர்டு முடிவெடுத்து, மினிட்ஸிலும் அதைக் குறிப்பிட்டால், அந்தப் பிரதியில் சேர்மனோ கம்பெனி செக்ரட்டரியோ சுருக்கொப்பம் இட வேண்டும் என்றும் எஸ்.எஸ்-1 சொல்கிறது. பின்னால் யாராவது வேறு ஒரு தொகுப்பைக் காட்டி "இதுதான் அன்று காட்டியது" என்றால் இந்தச் சுருக்கொப்பம்தான் பதில். இது பலர் மறந்துவிடும் சிறு வேலை.

உங்கள் ஒன்பது பக்கமும் என் கையில் இப்படித்தான் சுருங்கும். பெயர்களை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

"பொருள் 4: தென்னை வேர் வாடல் நோய் – அழைப்பாளர் உரை. தலைவரின் அழைப்பின் பேரில் திரு. ___ (பதவி, நிறுவனம்) முற்பகல் 11.10 மணிக்குக் கூட்டத்தில் கலந்துகொண்டு உரையாற்றினார். அவர் காட்டிய படத்தொகுப்பின் பிரதி இணைப்பு 2 ஆக வைக்கப்பட்டுள்ளது.

அவர் தெரிவித்தவை: வேர் வாடல் நோய் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வருகிறது, கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் அதைப் பரப்புகின்றன. ஓலையின் ஈர்க்குகள் விறைப்பு இழந்து உள்நோக்கி வளைவதே முதல் அடையாளம். நோய் கண்ட மரத்தை முழுவதும் குணப்படுத்தும் மருந்து இல்லை, பராமரிப்பால் காய்ப்பைக் காக்க முடியும். நோய் முற்றி, வருடத்துக்கு 10 காய்க்கும் குறைவாகக் காய்க்கும் மரங்களை அகற்றலாம். உர அட்டவணையோடு மரம் ஒன்றுக்கு வருடத்துக்கு 500 கிராம் மெக்னீசியம் சல்பேட் இடலாம். புதிய நடவுக்கு நோய் தாங்கும் இரகங்களான கல்பரக்ஷா, கல்பஸ்ரீ ஆகியவற்றையும் கல்பசங்கரா என்ற கலப்பினத்தையும் பரிந்துரைத்தார், மே மாத இறுதிக்குள் நட வேண்டும் என்றார். கன்று, நோயில்லாத தாய்மரத்திலிருந்து எடுத்ததா என்று உறுதி செய்துகொள்ள அறிவுறுத்தினார்.

அவர் ஒப்புக்கொண்டது: கன்று கிடைக்கும் அரசு நாற்றுப்பண்ணைகளின் பட்டியலை மே 12-க்குள் கம்பெனி மின்னஞ்சலுக்கு அனுப்புவது.

நிபந்தனையோடு சொன்னது: நிலையத் தலைவரின் அனுமதி கிடைத்தால் உறுப்பினர்களின் மூன்று தோப்புகளை நேரில் பார்ப்பது. நாள் குறிக்கப்படவில்லை.

உறுதி அளிக்காதது: 400 கன்றுகள் கிடைக்குமா என்று இயக்குநர் திரு. ___ கேட்டதற்கு, பரிசீலிப்பதாகத் தெரிவித்தார்.

அவர் 12.05 மணிக்கு விடைபெற்றார். அதன் பின் போர்டு விவாதித்து, பட்டியல் வந்த பிறகு மூன்று நாற்றுப்பண்ணைகளிடம் விலைப்புள்ளி பெறுவது என்று முடிவு செய்தது. பொறுப்பு: அலுவலகம். நாள்: மே 31."

கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். மூன்று தலைப்பாகப் பிரித்திருக்கிறேன். பலர் எல்லாவற்றையும் "தொடர் நடவடிக்கை" என்ற ஒரே தலைப்பில் போட்டுவிடுவார்கள். அப்போது வாக்கும் ஆசையும் ஒரே வரிசையில் நின்றுவிடும். கன்று விஷயத்தை மொத்தமாக விட்டுவிடவும் கூடாது. விட்டால், அந்த டைரக்டர் அடுத்த கூட்டத்தில் அவர் தருவதாகச் சொன்னது மினிட்ஸில் வரவில்லை என்பார், அது உண்மை போலவே நிலைத்துவிடும். கேட்டதையும் கிடைத்த பதிலையும் இரண்டையும் எழுதினால், எழுதிய உங்கள் மேல் யாரும் குறை சொல்ல முடியாது. அவர் வருத்தப்பட்டால், "அண்ணா, நோக்காம் என்றுதான் என் நோட்டில் இருக்கிறது" என்று குறிப்பையே காட்டுங்கள்.

இன்னொன்று. விருந்தினர் உங்கள் கம்பெனியின் ஆள் இல்லை. உங்கள் மினிட்ஸ் அவரைக் கட்டாது, அதைப் படிக்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. எனவே அவருடைய ஒவ்வொரு வாக்குக்கும் நம் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். பட்டியல் வராவிட்டால் அவரை அழைத்துக் கேட்பது யார்? தோப்பு பார்க்க அனுமதி கேட்டு நிலையத் தலைவருக்குக் கடிதம் எழுதுவது யார்? இரண்டாவதைக் கூட்டத்தில் யாரும் ஏற்றுக்கொண்டதாகக் குறிப்பில் இல்லை. அதனால் மாதிரியிலும் நான் எழுதவில்லை, நடக்காததை எழுத முடியாது. சேர்மனிடம் இன்றே சொல்லி ஒருவரை நியமிக்கச் சொல்லுங்கள். அதை மினிட்ஸில் திணிக்காமல், அலுவலகக் கோப்பில் ஒரு குறிப்பாக வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் தெரிவித்தால் போதும். பெரும்பாலும் அவர்கள் பார்க்க வர வேண்டுமென்றால் நாம் ஏதாவது தயாராக வைத்திருக்க வேண்டும்: எந்தத் தோப்பு, எத்தனை மரம், எந்த மாதத்தில் அறிகுறி தெரிந்தது, ஓலையின் படம். அந்தக் கடிதத்தோடு இவையும் போனால்தான் அனுமதி கேட்பதற்கு அர்த்தம் இருக்கும்.

விருந்தினருக்கு முழு மினிட்ஸையும் அனுப்பாதீர்கள். அதில் உங்கள் விலைப்புள்ளி முடிவு, மற்றப் பொருள்கள் எல்லாம் இருக்கும். அவரைப் பற்றிய பகுதியை மட்டும் தனியாக எடுத்து, நன்றிக் கடிதத்தோடு அனுப்புங்கள். "நீங்கள் கூறியதாக நாங்கள் புரிந்துகொண்டது இது. திருத்தம் இருந்தால் மே 20-க்குள் தெரிவிக்க வேண்டுகிறோம்" என்று எழுதினால் போதும். மலையாளத்தில் அந்தப் பகுதியையும் சேர்த்து எழுத உங்கள் ஆபீஸில் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. அவர் ஏதாவது திருத்தினால், அவர் சொன்னது பற்றிய வரியில் மட்டும் அதை ஏற்கலாம். போர்டு எடுத்த முடிவைத் திருத்த அவருக்கு உரிமை இல்லை. பதிலே வராவிட்டால் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அனுப்பிய நாளைக் குறித்து வைத்துக்கொண்டு உங்கள் குறிப்பின்படியே முடியுங்கள்.

அடுத்த முறை விருந்தினர் வரும்போது இதெல்லாம் பாதிக்கு மேல் குறைய ஒரு வழி இருக்கிறது. நன்றியுரைக்கு முன் இரண்டு நிமிடம் வேண்டும் என்று சேர்மனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர் எதிரிலேயே, "சார், பட்டியல் திங்கட்கிழமைக்குள் அனுப்புவதாகச் சொன்னீர்கள், தோப்பு பார்ப்பது அனுமதி கிடைத்தால், கன்று பற்றி இப்போதைக்கு உறுதி இல்லை, சரியா?" என்று வாசித்துவிடுங்கள். உரையின் கருத்துகளை வாசிக்க வேண்டாம், வாக்குகளை மட்டும். கூட்டத்தில் இருக்கும் டைரக்டர்களுக்கும் அப்போதே அது காதில் விழும். மெயிலில் பத்து நாள் இழுப்பது அந்த இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்கு அனுபவத்தில் தெரிந்தது, வந்தவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. தாங்கள் சொன்னதைச் சரியாகக் கேட்டிருக்கிறார்கள் என்றுதான் சந்தோஷப்படுகிறார்கள்.

நாள் கணக்கு இதுதான்: வரைவு 15 நாளுக்குள், அதாவது மே 25-க்குள் டைரக்டர்களுக்குப் போக வேண்டும். வரைவு போன நாளிலிருந்து 7 நாளுக்குள் அவர்கள் திருத்தம் சொல்ல வேண்டும். கூட்டம் நடந்து 30 நாளுக்குள், அதாவது ஜூன் 9-க்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். விருந்தினரிடம் மே 20 என்று நாள் கேட்டது இதனால்தான். திருத்தம் வந்தால் வரைவு போகும் முன்பே சேர்த்துவிடலாம். உங்கள் ஒன்பது பக்கக் குறிப்பை, வட்டம் போட்ட சொற்களோடு, மினிட்ஸ் கையெழுத்தாகி அடுத்த கூட்டத்தில் குறிக்கப்படும் வரையாவது தூக்கிப் போடாதீர்கள். இப்போதைக்கு அந்த டைரக்டரின் கேள்விக்கு உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.